1,200 + 4,000: ஜேர்மன் மருந்துத் தாளில் ஒரு கூட்டல்

கற்பிட்டிப் பக்கம் பட்டச் சறுக்கலுக்கு வரும் ஜேர்மன்காரர்களின் பையிலும், விடுமுறைக்கு ஊர் வரும் ஜேர்மன்வாழ் சொந்தக்காரரின் பையிலும் சளிக்காய்ச்சலுக்கென்று ஒரு மருந்துப் பெட்டி இருக்கும். போகும்போது மிச்சத்தை விட்டுவிட்டுப் போவதும் உண்டு. அதை நம்பிக் குறிஞ்சிப்பிட்டியில் தங்கியிருக்கும் பயணி ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளுக்குப் பெயர் பாக்குங்ஸ்பைலாக. மொழி தெரியாவிட்டாலும் அதில் வழி கண்டுபிடிக்கலாம். எந்த நிறுவனத்தின் மருந்தானாலும் தாளில் 1 முதல் 6 வரை எண்ணிட்ட பிரிவுகள் ஒரே ஒழுங்கில் வரும். யார் எடுக்கக் கூடாது என்பது 2இல், எவ்வளவு எடுக்கலாம் என்பது 3இல், பக்க விளைவுகள், அதாவது நேபன்விர்க்குங்கன், 4இல், உள்ளே என்ன இருக்கிறது என்பது 6இல். கேகன்அன்ட்சைகன் என்ற சொல்லைத் தேடி ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் வைத்தியர்களுக்கான ஏட்டில் வருவது. நோயாளியின் தாளில் அதே விஷயம், ‘இன்னார் எடுக்கக் கூடாது’ என்ற தலைப்பில் 2ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது 6. கிரிப்போஸ்டாட் சி என்ற பிரபலமான சளி மருந்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கெப்சூலில் பரசிட்டமோல் 200 மி.கி., விட்டமின் சி 150 மி.கி., கஃபீன் 25 மி.கி., குளோர்பெனமின் 2.5 மி.கி. இருக்கின்றன. கடைசிப் பெயர் நம் பாமசிகளில் பிரிட்டோன் என்று கேட்டு வாங்கும் மருந்தேதான். வழமையான பிரிட்டோன் குளிசை 4 மி.கி.; இங்கே ஒரு வேளைக்கு 2 கெப்சூல் என்றால் 5 மி.கி. நித்திரை தூக்கியடிக்கும். கடலில் இறங்குபவரும் முச்சக்கர வண்டி ஓட்டுபவரும் அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டியதுதான்.

3ஆம் பிரிவின்படி பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 2 கெப்சூல், நாளைக்கு 3 வேளை. ஆக 6 கெப்சூல்; பரசிட்டமோல் 1,200 மி.கி. இதுவரை பிழையில்லை. ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை என்று பயணி கடையில் பனடோல் வாங்குகிறார். வேளைக்கு 2, நாளைக்கு 4 வேளை, ஒவ்வொன்றும் 500 மி.கி. இது 4,000. இரண்டையும் கூட்டினால் 5,200 மி.கி.

ஜேர்மன் பரசிட்டமோல் தாளில் 43 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 24 மணித்தியாலத்துக்கு உச்ச அளவு 4,000 மி.கி.; இரு வேளைக்கிடையே குறைந்தது 6 மணித்தியாலம். 33 முதல் 43 கிலோ வரையானால் உச்சம் 2,000தான். மெலிந்த வயோதிபருக்கும் சிறுவருக்கும் இந்த வரி மிக முக்கியம். ஜேர்மனியில் 2009 முதல் மொத்தம் 10 கிராமுக்கு மேல், அதாவது 500 மி.கி. குளிசை 20க்கு மேல், உள்ள பெட்டியை வைத்தியரின் சீட்டில்லாமல் விற்க முடியாது. சாதாரண மருந்துதானே என்ற எண்ணத்துக்கு அங்கே அரசே போட்ட எல்லை அது.

1,200 மி.கி. மிகை உடனே ஆளை விழுத்திவிடும் என்றில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் நாளும் அதே கணக்கில் போனால் ஈரல் தாங்காது. அந்தக் காய்ச்சல் டெங்கு என்றால் ஈரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். இதில் ஏமாற்றுவது ஒன்றுண்டு: பரசிட்டமோல் பெருமளவு கூடினால் முதல் நாள் குமட்டலும் வாந்தியும் வந்து, இரண்டாம் நாள் தேறியதுபோலத் தோன்றும், ஈரலோ கெட்டுக்கொண்டே போகும். மாற்றுமருந்து, மிகையாக எடுத்ததிலிருந்து 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்கக் கூடாது.

4ஆம் பிரிவு பலரை வீணாகப் பயமுறுத்துகிறது. ‘ஹொய்ஃபிக்’ என்றால் 10 பேரில் 1 வரை, ‘கெலேகன்ட்லிஹ்’ 100இல் 1 வரை, ‘ஸெல்ட்டன்’ 1,000இல் 1 வரை, ‘ஸேர் ஸெல்ட்டன்’ 10,000இல் 1 வரை. பட்டியலின் நீளத்தைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பாருங்கள். இவையெல்லாம் சரியான அளவில் எடுத்தவருக்கான கணக்கு, 5,200க்கு அல்ல.

தாள் சொல்லாத ஒன்று நம் மண்ணுக்கு உரியது. பெட்டியில் இபுபுரோஃபன் என்றோ, அஸ்பிரினைக் குறிக்கும் ஏ.எஸ்.எஸ். என்றோ இருந்தால் டெங்கு சந்தேகம் தீரும்வரை தொடக் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டும். குளிர்நாட்டுத் தடிமனை மனதில் வைத்து எழுதிய 2ஆம் பிரிவில் டெங்கு என்ற சொல்லை எதிர்பார்க்க முடியாது.

காய்ச்சல் 2 நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பெட்டி, தாள், பனடோல் அட்டை மூன்றையும் கையோடு கொண்டுபோய், எத்தனை மணிக்கு எத்தனை எடுத்தீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள்.