சந்தை விழித்திருக்க, தரகரின் சர்வர் ஓய்வெடுக்கும் நேரம்

நியூயார்க்கில் நள்ளிரவை ஒட்டி ஒவ்வொரு நாளும் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் என்ற அமெரிக்கத் தரகு நிறுவனம் தன் சர்வர்களை மீட்டமைக்கிறது. இது பழுதல்ல, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பராமரிப்பு. அந்த நேரத்தில் இணைப்பு சில நிமிடங்கள் விட்டுப்போகலாம், வந்து வந்து போகவும் செய்யலாம். ஆனால் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் அப்போதும் கைமாறிக்கொண்டுதான் இருக்கும். சிகாகோவின் சிஎம்இ சந்தையில் வார நாட்களில் அவற்றுக்குக் கிடைக்கும் ஓய்வு நியூயார்க் நேரப்படி மாலை 5 முதல் 6 வரை மட்டுமே.

ஆகவே, தானாக வாங்கி விற்கும் நிரல் ஒன்று தினமும் இரண்டு விதமான மௌனத்தைச் சந்திக்கிறது. மாலையில் இணைப்பு நன்றாக இருக்கும், சந்தை மூடியிருப்பதால் விலை வராது. நள்ளிரவில் சந்தை திறந்திருக்கும், இணைப்புதான் இருக்காது. 'ஒரு நிமிடம் விலை வராவிட்டால் எச்சரிக்கை அனுப்பு' என்ற ஒற்றை விதிக்கு இந்த வேறுபாடு தெரியாது. மாலையில் அது வீணாக அலறும். நாலு நாள் அப்படி அலறினால் உரிமையாளர் போனை அமர்த்திவிட்டுத் தூங்கப் போவார்.

வீண் அலறலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்நிறுவனத்தின் மென்பொருள் நல்ல செய்தியையும் `error` என்ற அதே வழியில்தான் அனுப்புகிறது. 2104 என்ற எண் வந்தால் விலைத் தரவு இணைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த வழியில் வரும் எல்லாவற்றையும் எஸ்எம்எஸ் ஆக்கியவருக்கு, எல்லாம் சரியாக இருக்கும்போதும் போன் அடிக்கும். உண்மையில் கவனிக்க வேண்டியவை மூன்று. 1100 வந்தால் சர்வருடன் தொடர்பு அறுந்தது. 1102 வந்தால் தொடர்பு திரும்பியது, தரவும் தொடர்கிறது. 1101 வந்தால் தொடர்பு திரும்பியிருக்கிறது, ஆனால் விலைத் தரவை மறுபடி கேட்டு வாங்க வேண்டும். இதைத் தவறவிட்ட நிரல், பழைய விலையையே இன்றைய விலை என்று நம்பிக்கொண்டிருக்கும்.

வீண் அலாரம் தூக்கத்தைத்தான் கெடுக்கும். தவறான ஆர்டர் பணத்தை எடுத்துவிடும்.

ஓர் உதாரணம். குறியீட்டின் மைக்ரோ ஒப்பந்தத்தில் எப்போதும் 2 கையில் இருக்க வேண்டும், குறைந்தால் வாங்க வேண்டும் என்பது ஒரு நிரலின் விதி என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் தொடர்பு அறுந்து திரும்புகிறது. நிரல் தன் நினைவைத் துடைத்துவிட்டு, கையிருப்பு என்ன என்று `reqPositions` மூலம் கேட்கிறது. பதில் வரிசை வரிசையாக வரும். முடிந்ததும் `positionEnd` வரும். அதுவரை பொறுக்காமல் நிரல் கணக்கைப் பார்த்தால் கையிருப்பு பூஜ்யம். உடனே 2 வாங்குகிறது. இப்போது இருப்பது 4. ஒரு புள்ளிக்கு ஒப்பந்தம் ஒன்றுக்கு 5 டாலர் என்பதால், 20 புள்ளி இறங்கினால் 200 டாலர் போக வேண்டிய இடத்தில் 400 டாலர் போகும். ஏற்கெனவே போட்டிருந்த ஸ்டாப் லாஸ் ஆர்டரும் 2 ஒப்பந்தங்களுக்கு மட்டுமே காவல்.

'இல்லை' என்பதும் 'இன்னும் தெரியவில்லை' என்பதும் நிரலுக்கு ஒரே பூஜ்யமாகத் தெரிந்ததுதான் இங்கே கோளாறு. அதனால் கையிருப்பின் தொடக்க மதிப்பை பூஜ்யமாக அல்லாமல் வெற்றாக வைத்திருக்க வேண்டும். கையிருப்பு, நிலுவை ஆர்டர்கள், நிறைவேறிய வியாபாரங்கள் ஆகிய மூன்று பட்டியல்களும் முழுமையாக வந்து, நிரலின் சொந்தப் பதிவோடு ஒத்துப்போன பிறகே ஆர்டர் கதவு திறக்க வேண்டும்.

தொடர்பு அறுந்த நொடியில் அனுப்பிய ஆர்டர்தான் மிகக் கடினமானது. போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பராமரிப்பின்போது ஆர்டர் சந்தையில் நிறைவேறியிருந்தாலும் அதன் தகவல் தாமதமாக வரக்கூடும். ஒவ்வோர் ஆர்டரிலும் `orderRef` இடத்தில் சொந்த அடையாளம் ஒன்றை எழுதிவைத்தால், பிறகு பட்டியல்களில் தேடலாம். கிடைக்கவில்லை என்பதற்காக உடனே மறுபடி அனுப்பக் கூடாது. பராமரிப்பு முடிந்து இன்னொரு முறை கேட்டும் விடை இல்லையென்றால், ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்கட்டும்.

1100 வந்ததும் ஆர்டர்களை எந்த நேரமானாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். மனிதரை எழுப்புவது மட்டும் நேரத்தைப் பொறுத்தது. சாதாரண வேளையில் 2 நிமிடம், பராமரிப்பு நேரத்தில் அது முடிந்து 10 நிமிடம் வரை பொறுக்கலாம். அதற்குப் பிறகும் தொடர்பு வரவில்லை என்றால் அலாரம் அடித்தே ஆக வேண்டும். கையிருப்பு ஒத்துப்போகவில்லை என்ற எச்சரிக்கையை, பராமரிப்பு முடிந்தபின் எக்காரணம் கொண்டும் அமர்த்தக் கூடாது.

இந்த அட்டவணையை நியூயார்க் நேரத்திலேயே, `America/New_York` என்றே நிரலில் எழுதுவது நல்லது. சென்னையிலிருந்து இயக்குபவருக்கு அந்த நள்ளிரவு கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30. இந்திய நேரத்தில் எழுதிவைத்தால், மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கக் கடிகாரம் மாறும் ஞாயிறுகளுக்குப் பிறகு அலாரம் ஒரு மணி நேரம் தவறான இடத்தில் ஊமையாகியிருக்கும்.