சாம்பிள் காட்ட நேரம் கேட்கும் கடிதம்

மொத்த வியாபாரியிடம் சாம்பிள் காட்ட நேரம் கேட்டு எழுதும் கடிதத்தில் விலைப்பேச்சு வேண்டியதில்லை. ஈரோட்டில் பருத்தி நைட்டி தைக்கும் சிறு கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே வாரச் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயன்றும் நடக்கும். அந்த நாட்களை விட்டு, “வியாழன் அல்லது வெள்ளி காலை 11 மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்க முடியுமா ஐயா?” என்று கேட்பதே முறை.

எத்தனை மாடல், என்னென்ன சைஸ், வாரத்துக்கு எத்தனை உருப்படி தர முடியும் என்பதையும் எழுத வேண்டும். பலர் சறுக்குவது கடைசி விவரத்தில்தான். ஆறு மெஷினில் வாரம் 600 தைப்பவர் 2,000 என்று எழுதினால் முதல் ஆர்டரிலேயே கெடு தவறும்; அடுத்த ஆர்டர் வராது. துணியைத் துவைத்துச் சுருக்கம் பார்த்தாயிற்றா என்பதற்கும் ஒரு வரி தேவை. பதில் வராவிட்டால், சந்தை முடிந்த மறுநாள் ஒருமுறை போனில் கேட்கலாம்.