பத்தாம் வகுப்பில் தொடங்கும் இதயநோய்

தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், தலைப்புச் செய்திகள் என்று காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து, சிறப்புப் பேச்சாளர் மைக்கைப் பிடித்தால் பின்வரிசை மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பேச்சு எத்தனை நிமிடம் நீளும், முதல் பீரியட் எவ்வளவு குறையும் என்ற கணக்கு ஓடும். அன்று அந்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்திருந்தவர் ஓர் இதயநோய் மருத்துவர். அறிவுரை எதுவும் சொல்லாமல் ஒரு கேள்வியோடு தொடங்கினார்.

“உங்க வீட்ல யாருக்காவது நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்களா?”

தாத்தா, பெரியப்பா, பக்கத்து வீட்டு மாமா என்று நிறையக் கைகள் உயர்ந்தன. “அந்த நோய் அவங்களுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சிருக்கும்?” என்றதும் ஐம்பது, அறுபது என்று குரல்கள் வந்தன. “உங்க வயசுல” என்றார் மருத்துவர்.

அவர் மிகைப்படுத்தவில்லை. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து, முடிவுகளை 1953-இல் வெளியிட்டார்கள். அந்த வீரர்களின் சராசரி வயது 22. ராணுவத்துக்குத் தேர்வானவர்கள் என்பதால் உடல்தகுதியில் குறை இல்லாதவர்கள். ஆனாலும் பத்தில் ஏழு பேருக்கு மேல், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளில் வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவு பாதிப்பு இருந்தது. சிலருக்கு லேசான தடிப்பு, சிலருக்குக் குழாயே அடைபடும் நிலை. முதுமையின் நோய் என்று அதுவரை நம்பப்பட்ட ஒன்று இருபதுகளின் தொடக்கத்திலேயே வேரூன்றியிருந்தது.

அப்படியானால் அது தொடங்குவது எப்போது? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற சிற்றூரில், ஜெரால்ட் பெரன்சன் என்ற மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் இதைத் தேடத் தொடங்கினார். பள்ளிக் குழந்தைகளின் எடை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றை அவரது குழு ஆண்டுக்கணக்கில் அளந்து பதிவு செய்துவந்தது. அவர்களில் சிலர் விபத்து போன்ற காரணங்களால் இளம் வயதில் இறந்தபோது, குடும்பத்தாரின் ஒப்புதலோடு ரத்தக்குழாய்களை ஆராய்ந்தார்கள். 2 முதல் 39 வயது வரையிலான 204 பேரின் முடிவுகள் 1998-இல் வெளியாயின. அதிக எடை, உயர் ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, புகைப்பழக்கம் போன்ற ஆபத்துக் காரணி ஒன்றுகூட இல்லாதவர்களின் கரோனரி உட்சுவரில் ஏறத்தாழ ஒரு சதவீதப் பரப்பில்தான் மஞ்சள் நிறக் கொழுப்புக் கோடுகள் இருந்தன. மூன்று நான்கு காரணிகள் சேர்ந்திருந்தவர்களுக்கு அது 11 சதவீதம்.

இந்தக் கோடுகள் வலிக்காது, மூச்சு வாங்க வைக்காது. அவற்றில் பல பெரிதாகாமலே நின்றுவிடும், சில மறையவும் செய்யும். உப்பும் சர்க்கரையும் அசையாமையும் விடாமல் தொடர்ந்தால், சில கோடுகள் தடித்துக் கட்டியாகின்றன. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டி ஒரு நாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறையும்போதுதான் மாரடைப்பு வருகிறது.

உப்பு செய்யும் வேலை

ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனுள்ள மெல்லிய விரிப்பு இருக்கிறது. ரத்தம் வேகமாக வரும்போது இது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரியச் செய்யும். உப்பு அதிகமுள்ள ஒரே ஒரு வேளைச் சாப்பாடுகூட, நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும், இந்த விரியும் திறனைச் சிறிது நேரம் குறைத்துவிடுவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இன்னொரு பக்கம், கூடுதல் உப்பை வெளியேற்றும்வரை உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குழாய்க்குள் ரத்தத்தின் அளவு கூடி அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் ரத்தத்தைத் தள்ளினால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. ரத்த அழுத்தம் உள்ள பதின்வயதினரிடமே இந்தத் தடிப்பை எக்கோ பரிசோதனையில் பார்க்க முடிகிறது.

இதை வீட்டில் கண்டுபிடிக்க ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 120/80-க்குக் கீழே இருப்பது இயல்பு. 130/80-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ உயர் ரத்த அழுத்தம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2017-இல் வரையறுத்தது. ஆனால் ஒருமுறை எடுத்த அளவை வைத்து யாருக்கும் நோய் என்று சொல்லிவிடக் கூடாது. மைதானத்தில் ஓடிவிட்டு வந்தாலும், தேர்வு பயம் இருந்தாலும், கைக்குப் பொருந்தாத சிறிய பட்டையைக் கட்டினாலும் அளவு ஏறும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்தும் உயர்ந்தே இருந்தால்தான் அது கணக்கில் வரும்.

ஒல்லியாக இருந்தால் போதுமா?

“மேடம், நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு இது?” என்று பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது. மருத்துவர் சிரிக்கவில்லை.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இந்தக் கேள்விக்கான பதில்தான். புனே வட்டாரத்துக் குழந்தைகள் பிரிட்டன் குழந்தைகளைவிட மிகக் குறைந்த எடையோடு பிறந்தார்கள். தசை குறைவாக இருந்தது, உடல் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கை கால்கள் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் இந்த உடல்வாகு இந்தியர்களிடம் பரவலாக உண்டு. கண்ணாடி இதைக் காட்டாது.

சர்க்கரை போய்ச் சேர்வது இந்த இடத்தில்தான். நாம் சேர்க்கும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸில் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல். ஒரு பாட்டில் குளிர்பானமாக ஒரே நேரத்தில் வந்து இறங்கினால், தேவைக்கு மிஞ்சியதை அது கொழுப்பாக மாற்றுகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, இன்சுலின் சொல்பேச்சு கேட்காமல் போகிறது, ரத்தக்குழாயின் மெல்லிய விரிப்பு பழுதாகிறது. முழுப் பழத்திலும் ஃபிரக்டோஸ் உண்டு. ஆனால் நார்ச்சத்தோடு மெதுவாக வருவதால் கல்லீரல் திணறுவதில்லை.

இதற்குப் பிறகு மருத்துவர் ஒரு மாணவியின் ஒரு நாளைக் கற்பனையாக எடுத்துக் கரும்பலகையில் கூட்டினார். காலையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி: 10 கிராம். இடைவேளையில் 250 மில்லி கோலா: ஏறத்தாழ 26 கிராம். டியூஷனுக்கு முன் டீ: 10 கிராம். கூடவே நாலு கிரீம் பிஸ்கட்: பத்துக்கும் மேல். மொத்தம் 55 கிராமைத் தாண்டிவிட்டது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. இந்தப் பட்டியலில் கோலாவை மட்டும் அடித்தாலே அவள் வரம்புக்குள் வந்துவிடுகிறாள்.

உப்புக் கணக்கில் ஒரு சின்ன வித்தை உண்டு. பாக்கெட்டின் பின்புறம் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. நூடுல்ஸ் பாக்கெட்டில் சோடியம் 800 மில்லிகிராம் என்றிருந்தால், 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. சாம்பார், சட்னி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் இன்னும் கணக்கில் வரவே இல்லை.

மூன்று வாரம் படுத்தால்

அசையாமல் இருப்பது இதயத்தை எவ்வளவு விரைவாகத் தளர்த்தும் என்பதற்கு டல்லஸ் நகரில் 1966-இல் நடந்த சோதனை ஒன்று போதும். இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தமும் குறைந்தது. பிறகு எட்டு வாரம் பயிற்சி கொடுத்ததும் இழந்தது திரும்பியது. வியப்பு முப்பது ஆண்டுகள் கழித்து வந்தது. ஐம்பதைத் தொட்ட அதே ஐவரை மீண்டும் அளந்தபோது, இடைப்பட்ட முப்பது ஆண்டுகளின் மூப்பு செய்த சரிவைவிட, இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சரிவு பெரிதாக இருந்தது.

பள்ளி மாணவர்கள் யாரும் படுத்துக் கிடப்பதில்லை, உண்மைதான். ஆனால் பெஞ்சு, டியூஷன், செல்போன் என்று நாள் கழிகிறது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். மூச்சு சற்று வாங்குமளவு நாளுக்கு 60 நிமிட உழைப்பு பதின்வயதினருக்குத் தேவை. உலகில் பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் ஐந்தில் நான்கு பேர் அதை எட்டுவதில்லை என்பது 2016-ஆம் ஆண்டுத் தரவு. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம்.

மைதானத்தில் திடீரென விழுந்து இறக்கும் இளம் விளையாட்டு வீரர்களின் செய்தியைக் காட்டி, ஓடவே கூடாது என்று பயப்படும் பெற்றோரும் உண்டு. அந்த இறப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் பிறவியிலோ பரம்பரையிலோ வந்த இதயக் கோளாறு. ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையையும், இளம் வயதில் திடீர் மரணம் நேர்ந்த குடும்பத்துப் பிள்ளையையும் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றவர்களை வீட்டில் உட்கார வைக்க அது காரணமாகாது.

பிள்ளைகள் வழியாக அடுப்படிக்கு

இத்தகைய பேச்சுகளால் பயன் உண்டா? வடசீனாவின் சாங்ஷி நகரில் 28 தொடக்கப் பள்ளிகளைப் பாதியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு பாதிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுக்க உப்பைப் பற்றிப் பாடம். அதை வீட்டில் போய்ச் சொல்வது அவர்கள் வேலை. 2015-இல் வெளியான முடிவின்படி, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் நாளுக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பைக் குறைத்திருந்தார்கள். வீட்டுப் பெரியவர்கள் குறைத்தது ஏறத்தாழ 3 கிராம். பெரியவர்களின் ரத்த அழுத்தமும் சற்று இறங்கியிருந்தது. அங்கே ஒரே ஒரு நாள் பேச்சோடு விடவில்லை, மாதக்கணக்கில் பாடம் தொடர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் மருத்துவர் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் அடுத்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதி எழுத வேண்டும், தீரும் நாளையும் எழுத வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு, தலைக்கு 5 கிராம் வீதம் நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. வடித்த கஞ்சியோடும், காய் கழுவிய நீரோடும் போன உப்பைக் கழித்துக்கொள்ளலாம். கடையில் சாப்பிட்ட பரோட்டாவையும் சிப்ஸையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.