நாற்பத்தொன்றில் பதினொன்று

பிப்ரவரி 1, 2025, சனி

இன்று பள்ளியில் நீட் மாதிரித் தேர்வு. போன வாரம் வந்த அறிவிப்பின்படி இந்த ஆண்டு 180 கேள்வி, 180 நிமிடம். எதையும் சாய்ஸில் விட முடியாது. போன வருடம்வரை இருந்த கூடுதல் 20 நிமிடமும் இல்லை.

மொத்தம் 720க்கு எனக்கு 243. இயற்பியலில் 180க்கு 14. அந்தப் பதினாலைத்தான் சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். 45 கேள்வியில் 41 போட்டேன், 11 சரி, 30 தப்பு. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு. 44இல் 30 போக 14.

பிசிக்ஸ் சார் தாளைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, கண்ண மூடிட்டு ஏ, பி, சி, டின்னு குறிச்சிருந்தாலே பத்து சரியா வந்திருக்கும்" என்றார். நாலு விடையில் ஒன்று சரி என்றால் 41இல் சுமார் பத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் கணக்குப் போட்டு நான் கூடுதலாகச் சம்பாதித்தது ஒரே ஒரு விடை. அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 8

சார் என்னைத் திட்டவில்லை. ஒரு கேள்வியை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் கார் பிரேக் பிடித்தால் 20 மீட்டரில் நிற்கிறது. அதே பிரேக், வேகம் மட்டும் 72 என்றால்? விடைகள் 20, 40, 60, 80. நான் குறித்தது 40. வேகம் இரண்டு மடங்கு, தூரமும் இரண்டு மடங்கு என்று பத்து விநாடியில் முடித்துவிட்டேன்.

நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு, அதாவது 80. சூத்திரம் எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதிப் பார்க்கவில்லை. "அவசரப்படுற பிள்ளைக்கு என்ன விடை வரும்னு யோசிச்சுத்தாம்மா அந்த நாப்பதை வச்சிருப்பாங்க" என்றார் சார். கண்ணை மூடிக் குறிப்பவரைவிட அரைகுறையாகத் தெரிந்தவர் அதிகம் மாட்டுவது இதனால்தான்.

முப்பது தப்பையும் ஒரு நோட்டில் பிரித்து எழுதினேன். பாடமே தெரியாதவை 13. தெரிந்தும் அவசரத்தில் விட்டவை 11. கேள்வியைச் சரியாக வாசிக்காதவை 6. 'தவறான கூற்று எது' என்று கேட்டிருக்க, சரியான கூற்றைக் குறித்திருக்கிறேன். ஒரு தப்பு சரியானால் கழிந்த ஒன்றும் திரும்பி, நாலும் சேரும். ஆக ஐந்து. கடைசி இரண்டு வகை மட்டும் 17. புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமலே 85 மதிப்பெண் அங்கே கிடந்தது.

மார்ச் 26

பொதுத்தேர்வு நேற்று முடிந்தது. இனி நீட் மட்டும். உயிரியலுக்கு 45 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 70, மிச்சம் 15 சரிபார்க்க. எனக்கு இந்த வரிசைதான் ஒத்துவருகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலம்தான் செல்லும். அதனால் முடுக்கம், மின்தேக்கி என்று படித்ததையெல்லாம் ஆக்சிலரேஷன், கெபாசிட்டர் என்றும் அடையாளம் தெரிந்துகொள்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கங்கள் அதற்குத்தான்.

ஏப்ரல் 5

இயற்பியலில் 27 மட்டும் போட்டேன். 21 சரி, 6 தப்பு. 78 மதிப்பெண்! பதினெட்டைத் தொடாமல் விட மனசு கேட்கவில்லை. ஆனாலும் விட்டேன்.

வேறு இடத்தில் சறுக்கினேன். வேதியியலில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு, அடுத்ததன் விடையை ஓ.எம்.ஆர். தாளில் விட்டதன் வட்டத்திலேயே கறுப்பாக்கிவிட்டேன். ஒன்பது கேள்வி தாண்டித்தான் கண்ணில் பட்டது. பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது. ஒன்பதும் போச்சு. இனி ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் கேள்வி எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

மே 4, ஞாயிறு

பிற்பகல் 2 மணிக்குத் தேர்வு, ஒன்றரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அம்மாவும் நானும் பதினொன்றுக்கே போய்விட்டோம். பேனாகூட உள்ளேதான் தந்தார்கள்.

இயற்பியலைத் திறந்ததும் கை சில்லிட்டது. இதுவரை எழுதிய எந்த மாதிரித் தேர்விலும் இவ்வளவு நீளமான கணக்குகள் வரவில்லை. முதல் மூன்றில் பத்து நிமிடம் ஓடிவிட்டது. அப்புறம் ஒன்று செய்தேன்: முதல் வரி எழுத வராத கேள்வியைத் தாண்டினேன். 26 போட்டேன், 19 விட்டேன். எண்ணை முணுமுணுத்துக்கொண்டேதான் வட்டம் நிரப்பினேன்.

வெளியே அம்மா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். "எப்படிடி இருந்துச்சு?" என்றார். "பத்தொம்பது விட்டுட்டேம்மா" என்றேன். முகம் வாடியது. பஸ்ஸில் வினாத்தாளை மடியில் விரித்து, விட்டவற்றில் ஒன்றை அம்மாவின் பையிலிருந்த மளிகைச் சீட்டின் பின்னால் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர் நிறுத்தம் வரும்போது எட்டு வரி எழுதியிருந்தேன். விடை இன்னும் வரவில்லை.