டப்பாவைத் திறந்து பார்த்த பிறகு எழுத வேண்டிய பட்டியல்

பல வீடுகளில் மளிகைப் பட்டியல் மனப்பாடமாகவே வருகிறது. துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, ரவை 1 கிலோ என்று போன மாதம் எழுதியதையே இந்த மாதமும் எழுதுகிறோம். டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. பழைய ரவையின் தலையிலேயே புது ரவையைக் கொட்டுகிறோம்; அடியில் கிடப்பதில் வண்டு விழுகிறது, சில நாளில் மேலே இருப்பதற்கும் ஏறிவிடுகிறது. அதே வீட்டில்தான் புதன்கிழமை ரசத்துக்குத் தக்காளி இல்லாமல் தெருக்கோடிக் கடைக்கு ஓடுகிறார்கள்.

ஒரு வாரத்தில் என்ன சமைக்கிறோம் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கினால் இந்தக் குழப்பம் வராது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. நால்வருக்கும் மதியம் சோறு. காலையிலும் இரவிலும் பெரும்பாலும் டிபன்.

நால்வருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு 300 கிராம் அரிசி போதும். ஏழு நாளைக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு நாள் வெண்பொங்கலையும் சேர்த்தால் இரண்டரை கிலோ. டிபனில் பெரும்பங்கு மாவுக்குத்தான். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் 800 கிராம் இட்லி அரிசிக்கு 200 கிராம் உளுந்து போட்டு ஆட்டினால் சுமார் ஐம்பது இட்லிக்கான மாவு வரும். பெரியவர்களுக்கு நாலு, பிள்ளைகளுக்கு மூன்று என்றால் ஒரு வேளைக்குப் பதினாலு இட்லி. ஆக ஒரு தடவை ஆட்டிய மாவு மூன்று வேளைக்குத் தாராளமாக வரும். வாரத்துக்கே மொத்தமாக ஆட்டி வைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தாலும் நாலைந்து நாளில் புளிப்பேறிவிடும். ஞாயிறும் புதனும் என்று இரண்டாகப் பிரித்து ஆட்டுவதே நல்லது. வாரத் தேவை 1 கிலோ 600 கிராம் இட்லி அரிசி, 400 கிராம் உளுந்து. இரண்டு வேளைச் சப்பாத்திக்கு முக்கால் கிலோ கோதுமை மாவும் ஒரு வேளை உப்புமாவுக்குக் கால் கிலோ ரவையும் ஆகும்.

சாம்பாருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் துவரம்பருப்பு. வாரம் நாலு நாள் சாம்பார், மற்ற நாள் வத்தக்குழம்போ மோர்க்குழம்போ என்றால் 400 கிராம். கூட்டுக்கும் பொங்கலுக்குமாகப் பாசிப்பருப்பு கால் கிலோ, சுண்டலுக்குக் கொண்டைக்கடலை 200 கிராம். எலுமிச்சை அளவு உருண்டையாக ஐந்து நாளைக்குப் புளி 125 கிராம். தேங்காய் நாலு, பால் நாளைக்கு ஒரு லிட்டர். கடுகு, சீரகம், பெருங்காயம் இவற்றையெல்லாம் வாரக் கணக்கில் இழுக்க வேண்டியதில்லை; மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

உப்பும் எண்ணெயும் வேறு மாதிரி. அவற்றில் எவ்வளவு வாங்குகிறோம் என்பதைவிட எத்தனை நாளில் தீர்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு பெரியவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நால்வருக்கு 20 கிராம் என்றே வைத்தாலும் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் வழியாகப் போகும் உப்பும் அந்த 5 கிராமுக்குள்தான் சேர்த்தி. உங்கள் வீட்டில் பாக்கெட் முப்பது நாளில் காலியானால் கை தாராளம் என்று பொருள். எண்ணெயில் நெய்யையும் சேர்த்துத் தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று சொல்வார்கள். இந்த வீட்டுக்கு வாரம் அரை லிட்டர்.

காய்கறிக்கு அளவு மட்டும் தெரிந்தால் பற்றாது, எதை முதலில் சமைப்பது என்றும் தெரிய வேண்டும். பொரியலுக்கு நாளைக்கு அரை கிலோ வாங்கினால்தான் காம்பும் நாரும் தோலும் போக நால்வருக்குக் காணும். ஏழு நாளைக்கு மூன்றரை கிலோ. சாம்பாருக்கும் குழம்புக்கும் ஒன்றேகால் கிலோ, பெரிய வெங்காயம் ஒன்றரை, சின்ன வெங்காயம் அரை, தக்காளி ஒன்றரை, கீரை இரண்டு கட்டு. கூட்டிப் பார்த்தால் எட்டரை, ஒன்பது கிலோ வருகிறது. அதிகமோ என்று தோன்றும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய்கறி, கீரையையும் சேர்த்து. நால்வருக்கு வாரம் பதினொரு கிலோ. இந்தப் பை இன்னும் அதைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் இதை ஒரே மூச்சில் வாங்கிவிடலாம், வாங்கும்போதே சமைக்கும் வரிசை மனதில் இருந்தால். கீரை ஞாயிறு அல்லது திங்கள், அதற்கு மேல் தாங்காது. வெண்டைக்காய், கத்தரிக்காய் செவ்வாய்க்குள். அவரை, பீன்ஸ், புடலை வாரத்தின் நடுவில். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ, சேனைக்கிழங்கு கடைசிக்கு. வெண்டைக்காயை வெள்ளிக்கிழமைக்கு வைத்துவிட்டு ஞாயிறன்றே முட்டைக்கோஸை நறுக்குகிற வீட்டில் குப்பைக்கூடைதான் நிறையும். தக்காளியில் பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் பொறுக்கினால் சனி வரை ஓடும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட்டால் கிழங்கு சீக்கிரம் முளைவிடும். வாழைப்பழச் சீப்பை, பழுத்த வாசனை வந்த பிறகு, கீரைப் பக்கத்தில் வைக்க வேண்டாம், கீரை மஞ்சளாகும்.

இனி சனிக்கிழமை இரவு. வாரத் தேவையை ஒரு முறை எடைபோட்டு டப்பாவில் கொட்டி, அது நிற்கிற மட்டத்தில் வெளியே மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் பிறகு ஒவ்வொரு வாரமும் பார்த்தாலே தெரியும்: சரக்கு கோட்டுக்குக் கீழே இருந்தால் பட்டியலில் எழுது, மேலே இருந்தால் விடு. எவர்சில்வர் டப்பாவாக இருந்தால் டம்ளர் கணக்கு.

நம் வீட்டுத் துவரம்பருப்பு டப்பாவில் 250 கிராம் இருக்கிறது. வேண்டியது 400. குறைவது 150தான், கடையில் கிடைப்பதோ அரை கிலோ பாக்கெட். வாங்கினால் வாரக் கடைசியில் 350 மிஞ்சும். அடுத்த வாரம் அரை கிலோ மறுபடி வாங்க வேண்டியதில்லை. ஒரு நாள் சாம்பாரைக் கொஞ்சம் நீர்க்க வைத்தால் ஓடிவிடும். இட்லி அரிசி 3 கிலோ இருக்கிறது, அதை எழுத வேண்டாம். உளுந்து 150தான், ஆகவே அரை கிலோ. ரவை 300, தேவைக்கு மேலேயே இருக்கிறது. எண்ணெய் 400 மில்லி, ஒரு லிட்டர் எழுதலாம். ஆனால் ரேஷனில் துவரம்பருப்பும் பாமாயிலும் வாங்குகிற வீடாக இருந்தால், அது கைக்கு வருகிற வாரத்தில் இரண்டையும் அடித்துவிட வேண்டும். இதை மறப்பதால்தான் பல வீடுகளில் பருப்பு இரண்டு டப்பாவில் கிடக்கிறது.

வழக்கமான வாரத்துக்கு ஒரு டஜன் முட்டையும் ஞாயிறன்று முக்கால் கிலோ மீனோ கோழியோ சேரும். புரட்டாசியில் இவை போய் கொண்டைக்கடலையும் பாசிப்பருப்பும் கால் கிலோ வீதம் ஏறும். ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து இரண்டு நாள் தங்கினால் அரிசியில் அரை கிலோ, காயில் ஒரு கிலோ, பாலில் நாளைக்கு அரை லிட்டர் கூட்டினால் சமாளிக்கலாம்.

முதல் மாதம் இந்த எண்கள் எந்த வீட்டுக்கும் அப்படியே பொருந்தாது. சனிக்கிழமை காய்க்கூடையில் தொடர்ந்து இரண்டு வாரம் ஒரே காய் வாடிக் கிடந்தால் அதில் கால் கிலோ குறைக்கலாம். வியாழனன்றே எந்த டப்பா தரை தட்டுகிறதோ அதன் கோட்டைக் கொஞ்சம் மேலே தள்ளிப் போடலாம். புதுச் சரக்கைக் கொட்டும் முன் பழையதை ஒரு தட்டில் கவிழ்த்து, டப்பாவைத் துடைத்துக் காயவைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலாகவும் போட வேண்டும்.