ஓரகத்தியின் வாட்ச்

கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ படம் ஒன்று. பின்னால் மலையும் மாளிகையும் தீட்டிய திரை. ஓரத்தில் உயரமான ஸ்டாண்டு, அதன்மேல் காகிதப் பூ வைத்த ஜாடி. நாற்காலியில் தாத்தா விறைப்பாக உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நிற்கும் பாட்டியின் இடது கையில் பளிச்சென்று ஒரு கைக்கடிகாரம். பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்காக ஆல்பம் தயாரிக்கும் பேத்தி அதன் கீழே எழுதுகிறாள்: "தாத்தா பாட்டி, கல்யாணமான புதிதில்."

எழுதியதில் தவறில்லை. ஆனால் அந்த வரி இல்லாவிட்டாலும் அவ்வளவும் படத்திலேயே தெரிந்துவிடும். படத்தில் தெரியாததைச் சொல்வதற்குத்தான் கீழே நாலு வரி இடம் இருக்கிறது. இந்த ஒரே படத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, அந்த நாலு வரியை எங்கிருந்து எடுப்பது என்று பார்ப்போம்.

முதலில் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய ஸ்டூடியோக்கள் அட்டையின் பின்புறம் ரப்பர் முத்திரை குத்துவது வழக்கம். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அந்த முத்திரை 1972-க்கு முந்தியதல்ல. பின்கோடு நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான். "மதுரை-1" என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பழைய முத்திரையை மாற்றாமல் வருஷக்கணக்கில் குத்திக்கொண்டிருந்த கடைகளும் இருந்திருக்கும். ஒன்று இருப்பது தரும் உறுதியை, ஒன்று இல்லாதது தராது. வீதியில் எடுத்த படங்களுக்கும் இதே கணக்குத்தான். கடைப் பலகையில் "தமிழ்நாடு" என்ற மாநிலப் பெயர் இருந்தால் 1969-க்குப் பிந்தியது என்று பெரும்பாலும் நம்பலாம். "மெட்ராஸ்" என்று மட்டும் இருந்தால் அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது.

நெகட்டிவை மாற்றி வைத்து அச்சிட்ட படங்களும் உண்டு. முந்தானை வலது தோளிலும் சட்டைப் பை வலது மார்பிலும் தெரிந்தால் படம் இடம் வலம் மாறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதைத் திருத்தாமல் "இடமிருந்து வலம்" என்று பெயர் எழுதிவிட்டு, பிறகு ஒருவர் படத்தை மட்டும் சரிசெய்தால் சித்தப்பா பெரியப்பா ஆகிவிடுவார்.

அடுத்தது பாட்டியோடு உட்காருவது. இங்கேதான் பல பேத்திகள் தயங்குகிறார்கள். ஆல்பம் ஆச்சரியப் பரிசாக இருக்க வேண்டும், முன்கூட்டியே காட்டிவிட்டால் என்ன சுவை என்பது அவர்கள் எண்ணம். இந்த ஆசையைத் துணிந்து விட்டுவிடுவதே நல்லது. பாட்டியைக் கேட்காமல் எழுதும் வரிகள் பேத்தியின் ஊகங்களாகவே இருக்கும்.

கேட்கும் விதமும் முக்கியம். "இது எந்த வருஷம்?" என்று தொடங்கினால் பாட்டி ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அந்த எண்ணும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். "பாட்டி, இந்தப் படம் எடுக்க எப்படிப் போனீங்க?" என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும்.

"ஜட்கா வண்டியில போனோம்டி. உங்க தாத்தா வண்டிக்காரனோட காசுக்கு மல்லுக்கட்டிக்கிட்டே வந்தாரு. இந்தா பாரு வாட்ச், இது என்னுது இல்ல. ஓரகத்தியோடது. வெறுங்கையோட நிக்கக்கூடாதுன்னு கழட்டிக் கட்டிவிட்டா. பெரியவன் அப்ப வயித்துல மூணு மாசம். வீட்டுல யாருக்கும் சொல்லல."

பெரியவர்கள் காலத்தை வருஷத்தால் நினைவு வைத்திருப்பதில்லை. பிள்ளை பிறந்தது, வீடு மாறியது, ஊரில் வெள்ளம் வந்தது என்று நிகழ்ச்சிகளால் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டால் வருஷம் தானாக வரும். கல்யாணம் 1965-ல் என்று பாட்டி சொல்கிறார். பெட்டியில் கிடைத்த அழைப்பிதழிலோ "பராபவ வருஷம் வைகாசி" என்று இருக்கிறது. பராபவ 1966 சித்திரையில் தொடங்கியது, ஆகவே கல்யாணம் 1966 வைகாசியில். பெரியவர் பிறந்தது அடுத்த வைகாசியில். வயிற்றில் மூன்று மாதம் என்றால் படம் எடுத்தது 1966 ஐப்பசி வாக்கில். பின்கோடு இல்லாத முத்திரையும் இதற்கு முரணாக இல்லை.

பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பிப் பிறந்த தேதியை எழுதிவிடக் கூடாது. பள்ளியில் சேர்க்கும்போது வயது நிரம்ப வேண்டும் என்பதற்காக ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொடுத்த தலைமுறை அது. ஜாதகம் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் எந்தத் தேதியை எழுதுவது என்பதைப் பாட்டியே சொல்லட்டும்.

இனி பெயர்கள். ஆல்பத்தை மகள், மருமகன், பேரன், கொள்ளுப்பேத்தி எல்லோரும் பார்ப்பார்கள். "மாமா" என்று எழுதினால் ஒருவருக்கு அம்மாவின் தம்பி, இன்னொருவருக்கு மாமனார், மற்றொருவருக்கு அத்தையின் கணவர். எழுதும் பேத்திக்கு அத்தையானவர் அவளுடைய அத்தை மகனுக்கு அம்மா. அதனால் உறவுமுறை எல்லாவற்றையும் ஒரே ஆளிடமிருந்து எண்ண வேண்டும், அந்த ஆள் பாட்டி. முதலில் முழுப் பெயர், பிறகு பாட்டிக்கு என்ன உறவு, வீட்டில் கூப்பிடும் பெயர் இருந்தால் அதுவும். "பாட்டியின் ஓரகத்தி" என்றால் யாருக்கும் குழப்பம் வராது. பாட்டியின் சொந்தப் பெயரையும் ஒரு பக்கத்திலாவது எழுத வேண்டும். அதைத் தெரியாத கொள்ளுப்பேரர்கள் நிறைய வீடுகளில் இருக்கிறார்கள்.

குடும்பப் படமென்றால் "பின்வரிசையில் நிற்பவர்கள்", "நாற்காலியில்", "தரையில்" என்று வரிசை வரிசையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பார்ப்பவரின் இடப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். காலமானவர்களின் பெயருக்கு முன்னால் "மறைந்த" என்று போடுவதை இந்த ஆல்பத்தில் தவிர்க்கலாம். எண்பது வயதில் பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல்லைப் பார்ப்பது கொடுமை. சாவு வீட்டில் எடுத்த படங்களையும் அப்படியே ஒதுக்கலாம். ஆனால் பெயர்களைப் பின்னால் எழுதி வேறு உறையில் பத்திரப்படுத்த வேண்டும். சிலருக்கு வேறு படமே இருந்திருக்காது.

இவ்வளவும் சேர்ந்தபின் பேத்தி மறுபடி எழுதியது இது:

"1966 ஐப்பசி, மதுரை. கல்யாணமாகி அஞ்சு மாசம். கையில கட்டியிருக்கிற வாட்ச் என்னுது இல்ல, ஓரகத்தியோடது. பெரியவன் வயித்துல. வீட்டுல யாருக்கும் இன்னும் சொல்லல."

பாட்டியின் பேச்சைப் பேச்சாகவே விட்டிருக்கிறாள். "அணிந்திருக்கும் கைக்கடிகாரம்" என்று திருத்தியிருந்தால் அது பாட்டி சொன்னதாக இருந்திருக்காது. ஜட்கா வண்டியை விட்டுவிட்டாள், சரியான முடிவு. ஒரு படத்துக்கு இருபது முப்பது சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. மூன்று விஷயம் கிடைத்தால் நல்லதாக ஒன்றிரண்டை வைத்துக்கொள்ள வேண்டும்.

அச்சுக்குப் போகும்முன் ஒவ்வொரு வரியையும் பாட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்த செய்தியைப் பேத்தியிடம் சொல்வது வேறு, ஊரே பார்க்கும் ஆல்பத்தில் போடுவது வேறு. அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவதுதான் முறை.

எழுத்து பதினாறு புள்ளி அளவிலாவது இருக்கட்டும், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில். படத்தின் மேலேயே எழுத்தைப் பொறிப்பதை விட்டுவிடலாம், முதிய கண்களுக்குப் பிடிபடாது. மூலப் படத்தின் பின்னால் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கம் புடைக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மென்மையான 2பி பென்சில் போதும். வழவழப்பான கலர் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்குத் தனித் துண்டுத்தாளில் எழுதி, படத்தோடு ஒரே உறையில் வைக்கலாம்.

எவ்வளவு விசாரித்தாலும் சில முகங்கள் யாரென்று தெரியாமலே நிற்கும். அவற்றை ஆல்பத்தின் கடைசி இரண்டு பக்கங்களில் எண் போட்டு ஒட்டி, கீழே கோடுகளை வெறுமையாக விட்டு, நூலில் கட்டிய பென்சில் ஒன்றைத் தொங்கவிடலாம். விழாவன்று சாப்பாட்டுக்குப் பிறகு வயதான உறவினர்கள் ஒரு மூலையில் கூடுவார்கள். ஆல்பம் அவர்கள் மடியில்தான் அதிக நேரம் இருக்கும்.