கணக்கில் 81, அடுக்கில் 74

"குடோன் சூப்பர்வைசர் தேவை. நேர்மையும் சுறுசுறுப்பும் அனுபவமும் உள்ளவர்கள் அணுகவும்." மொத்த விநியோகக் கடைகளின் விளம்பரம் பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. இந்த மூன்று தகுதிகளை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, ஆறு மாதம் கழித்து அவர் வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்று அளக்கவும் முடியாது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மதுரை போன்ற ஊரில் பிஸ்கட், டீத்தூள், சோப்பு விநியோகம் செய்கிற ஒரு நிறுவனம். ஏறக்குறைய 900 வகைச் சரக்கு, ஆறு டெலிவரி வண்டி, பத்துப் பன்னிரண்டு லோடுமேன்கள். முதலாளியே கூட நின்று எண்ணிப் பார்க்கிற அளவைத் தாண்டிவிட்ட வியாபாரம் இது. அதே சமயம் ஒவ்வொரு பெட்டியையும் பார்கோடு வைத்துப் பின்தொடர்கிற அளவுக்குப் பெரிதும் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கிற ஸ்டாக்கும் அடுக்கில் இருக்கிற ஸ்டாக்கும் ஒன்றாக இருப்பதற்கு ஒரே மனிதர்தான் பொறுப்பு. பணி விவரத்தின் முதல் வரியாக இதைத்தான் எழுத வேண்டும். மற்ற எல்லாமே இதிலிருந்து பிறப்பவை.

அந்தப் பொறுப்பு ஒரு நாளில் மூன்று இடங்களில் சோதிக்கப்படுகிறது. காலையில் வண்டி ஏற்றும்போது, கம்பெனி லாரி வந்து சரக்கு இறங்கும்போது, மாலையில் கடைகளிலிருந்து ரிட்டர்ன் வரும்போது. முதலாவதை எல்லோரும் கவனிக்கிறார்கள், குறைந்தால் கடைக்காரரே போன் செய்துவிடுவார். சரக்கு இறங்கும்போதுதான் அவசரம் வருகிறது. டிரைவர் கிளம்பத் துடிப்பார், எண்ணி முடிப்பதற்குள் எல்.ஆர். நகலில் கையெழுத்துக் கேட்பார். இரண்டு பெட்டி குறைந்திருந்தால் அந்த நகலிலேயே அதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். குறிப்பில்லாமல் கையெழுத்துப் போட்ட பிறகு கம்பெனியிடமோ டிரான்ஸ்போர்ட்டிடமோ நஷ்டம் கேட்டு வாங்குவது மிகவும் கடினம். ஆகவே, 'எண்ணி முடிக்காமல் கையெழுத்துப் போட மறுக்கும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு உண்டு' என்று பணி விவரத்தில் எழுத்தில் இருக்கட்டும். அதிகாரம் இல்லாத பொறுப்பை யார் தலையில் கட்டினாலும் நிற்காது.

சரக்கு அதிகம் கசிகிற இடம் ரிட்டர்ன்தான் என்பது என் கருத்து. மாலையில் எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் கிழிந்த பெட்டி, தேதி முடிந்த பாக்கெட், கடைக்காரர் வேண்டாமென்று திருப்பிய நல்ல சரக்கு எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். அன்றே பிரித்து, விற்கக்கூடியதை அடுக்குக்கும் மற்றதை டேமேஜ் பகுதிக்கும் அனுப்பி, இரண்டையும் கணக்கில் தனித்தனியாக ஏற்றியாக வேண்டும். மறுநாளைக்கு என்று விட்டால் நல்ல பெட்டியும் டேமேஜோடு சேர்ந்துவிடும், டேமேஜும் நல்ல ஸ்டாக்காகக் கணக்கில் நின்றுவிடும்.

அடுக்கும் முறையிலும் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். உணவுப்பொருளுக்கு அது போதாது, முதலில் தேதி முடிவது முதலில் போக வேண்டும். பிறகு வந்த லாரியில் பழைய பேட்ச் வருவது சாதாரணம். இரண்டாவது, டீத்தூளையும் சோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கக் கூடாது. டீத்தூள் வாசனையை இழுத்துக்கொள்ளும், சோப்பு மணக்கிற டீயைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். கேட்காமலே இதைச் சொல்கிறவர் உண்மையாகவே குடோனில் நின்றவர்.

சூப்பர்வைசர் செய்யக் கூடாததையும் பணி விவரத்தில் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் ஸ்டாக்கைத் திருத்தும் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கக் கூடாது. சரக்கைக் கையாள்கிறவரும் கணக்கைத் திருத்துகிறவரும் ஒருவராகவே இருந்தால் எந்தக் குறையும் வெளியே தெரியாது. இது அவரை நம்பாததால் அல்ல. நாளை அவர் மேல் பழி வந்தால் அவரைக் காப்பாற்றப் போவதும் இந்த ஏற்பாடுதான்.

ஆளைத் தேர்ந்தெடுக்க மேஜைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசுவது போதாது. அரை நாள் குடோனுக்குள் அழைத்துப் போங்கள். கம்ப்யூட்டர் பட்டியலிலிருந்து ஐந்து வகையைக் கொடுத்து அடுக்கில் எண்ணச் சொல்லுங்கள். பிறகு அடுக்கிலிருந்து அவரையே ஐந்து வகையை எடுக்கச் சொல்லி, அவை கணக்கில் எப்படி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் வழியில் குறைந்த சரக்கு தெரியும். கணக்கில் ஏறாத சரக்கு இரண்டாவது வழியில்தான் தெரியும்.

அடுத்து ஒரு கணக்கு கொடுங்கள். 10 ரூபாய் பிஸ்கட் மாத ஆரம்பத்தில் 140 பெட்டி. 200 வந்தது, 265 விற்றது, 6 ரிட்டர்ன். கணக்குப்படி 81 இருக்க வேண்டும், அடுக்கில் 74தான் இருக்கிறது. இதோடு லாரி இறக்கியபோது எழுதிய எண்ணிக்கைச் சீட்டையும், ரிட்டர்ன் சீட்டையும், 5 ரூபாய் பிஸ்கட்டின் கணக்கையும் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

சரியான ஆள் டேமேஜ் பகுதிக்குப் போய்ப் பார்ப்பார். ரிட்டர்ன் ஆறில் இரண்டு அங்கே கிடக்கும், கணக்கில் மட்டும் நல்ல ஸ்டாக்காக நிற்கும். இனி ஐந்துதான் குறை. இறக்கிய சீட்டில் 198 என்றிருக்கும், கம்ப்யூட்டரில் பில்லைப் பார்த்து 200 என்று ஏற்றியிருப்பார்கள். அதில் இரண்டு போனது. மிச்சம் மூன்று. 5 ரூபாய் பிஸ்கட்டை எண்ணினால் கணக்கை விட மூன்று அதிகமாக இருக்கும். ஒரே மாதிரிப் பெட்டி என்பதால், பில்லில் ஐந்து ரூபாய்ச் சரக்கு இருக்க, வண்டியில் பத்து ரூபாய்ச் சரக்கை ஏற்றியிருக்கிறார்கள்.

விடையை விட அவர் தேடுகிற வழியைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் "லோடுமேன்கள் எடுத்திருப்பார்கள்" என்பவரிடம் பத்து ஆட்களை ஒப்படைப்பது ஆபத்து. "அட்ஜஸ்ட் என்ட்ரி போட்டுவிடலாம் சார்" என்பவர் குறையை மறைக்கப் பழகியவர். "பில் போட்டு ஏற்றாமல் விட்டிருப்பார்கள்" என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்படி நடந்திருந்தால் அடுக்கில் சரக்கு அதிகமாக இருக்குமே தவிர குறையாது. அந்தத் திசையைப் புரிந்துகொள்ளாதவருக்கு இந்த வேலையில் எவ்வளவு ஆண்டு அனுபவம் இருந்தாலும் பயனில்லை.

இந்த வேலைக்கு வேண்டியது மூட்டை தூக்கும் உடம்பு அல்ல என்பதும் இங்கே தெளிவாகும். எண்ணவும் எழுதவும் பத்துப் பேரிடம் மரியாதையாக வேலை வாங்கவும் தெரிய வேண்டும். விளம்பரத்தில் 'ஆண்கள் மட்டும்' என்று போட எந்தக் காரணமும் இல்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கும்போது "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல மனுஷன்" என்றுதான் பதில் வரும். "கடைசியாக ஸ்டாக் எடுத்தபோது எவ்வளவு வித்தியாசம் வந்தது? அதை அவரே சொன்னாரா, நீங்கள் கண்டுபிடித்தீர்களா? மறுபடியும் அவரை வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு முன்னால் வருகிற தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் முடிவானதும் பொறுப்பேற்கிற நாளில் வியாபாரத்தை நிறுத்தி முழு ஸ்டாக்கும் எடுக்க வேண்டும். பில், ரிட்டர்ன், இறக்கிய சரக்கு எல்லாவற்றையும் முந்தைய நாள் இரவோடு கணக்கில் ஏற்றி முடித்துவிட்டு எண்ணத் தொடங்க வேண்டும். புதியவர், விலகுகிறவர், அலுவலகத்திலிருந்து ஒருவர் என மூன்று பேரும் சேர்ந்து எண்ணிப் பட்டியலில் கையெழுத்திட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போகும். இதைத் தவிர்த்துவிட்டு மூன்று மாதம் கழித்துக் குறை கண்டால், அது யார் காலத்தில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குறைக்காகப் புதியவரின் சம்பளத்தில் பிடிப்பது அநியாயம். அவர் பொறுப்பில் ஒப்படைத்த சரக்கு அவர் கவனக்குறைவால்தான் போனது என்று காட்டாமலும், அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்காமலும் சம்பளத்தில் கை வைக்கச் சட்டமும் இடம் தருவதில்லை. அப்படியொரு நாள் வந்தால், முதலாளியும் சூப்பர்வைசரும் எடுத்துப் பார்க்கப் போவது அந்த ஞாயிற்றுக்கிழமை கையெழுத்திட்ட பட்டியலைத்தான். அதில் ஒரு நகலை அவர் கையிலும் அன்றே கொடுத்துவிடுங்கள்.